பிரியும் நாளிலிருந்து படிக்க வேண்டிய ஒப்பந்தம்

கரூரில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நெய்து நெடுங்காலமாக வெளிநாட்டுக்கு அனுப்பிவரும் ஒரு நிறுவனம், உள்நாட்டுச் சந்தைக்காகத் தனக்கென ஒரு பிராண்டைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் ஒரு விளம்பர ஏஜென்சியுடன் மாதக் கட்டணத்துக்கு ஒப்பந்தம் போடுகிறது. ஏஜென்சி ஒரு லோகோ வரைகிறது. போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பூனையை உருவாக்குகிறது. கடைக்காரர்கள் அந்தப் பூனையைச் சொல்லியே சரக்குக் கேட்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. நிறுவனம் விலக நினைக்கிறது. அப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது: பூனை யாருடையது?

ரீடெய்னர் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த மாதக் கட்டண ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். அது ஓர் இலக்கம், பேரம் பேசிக் குறைக்கலாம். உரிமை பற்றிய பத்தியும் விலகல் பற்றிய பத்தியும் பின்பக்கங்களில் கிடக்கின்றன. ஆனால் மாதாமாதம் கொடுத்த பணத்துக்கு என்ன வாங்கினோம் என்பதை அந்தப் பின்பக்கங்கள்தான் முடிவு செய்கின்றன. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பதே இந்த ஒப்பந்தத்துக்குச் சரியான வழி.

மாதக் கட்டணம் என்பதே விளம்பரத் தொழிலில் பிந்தி வந்த வழக்கம். அதற்கு முன் ஏஜென்சியின் வருமானம் கமிஷனாக வந்தது. ஏஜென்சி வழியாகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டால் அந்தத் தொகையில் 15 சதவீதத்தைப் பத்திரிகை ஏஜென்சிக்குக் கழித்துக் கொடுக்கும். விளம்பரம் எழுதுவதும் வரைவதும் அந்தக் கழிவுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்த ஏற்பாட்டில் ஓர் இடறல் உண்டு. வாடிக்கையாளர் அதிகம் செலவு செய்தால்தான் ஏஜென்சிக்கு அதிக வருமானம். அப்படியிருக்க, ‘இந்த ஆண்டு விளம்பரத்தைக் குறையுங்கள்’ என்று எந்த ஏஜென்சி ஆலோசனை சொல்லும்? 1960-இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கை எடுத்தபோது டேவிட் ஓகில்வி கமிஷனை விட்டுவிட்டு நிலையான கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அது பெரிய செய்தி. இன்று கரூர் நிறுவனம் கையெழுத்திடும் காகிதம் அந்த வழியில் வந்ததுதான்.

அப்படியென்றால் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆட்களின் நேரத்தைக் கொண்டு. நமது எடுத்துக்காட்டில், மாதச் சம்பளம் 40,000 ரூபாய் வாங்கும் வடிவமைப்பாளரின் பாதி நேரம், 45,000 வாங்கும் வாசகம் எழுதுபவரின் மூன்றில் ஒரு பங்கு, 40,000 வாங்கும் கணக்கு மேலாளரின் கால் பங்கு, 1,20,000 வாங்கும் படைப்பு இயக்குநரின் பத்தில் ஒரு பங்கு தேவை என்று கொள்வோம். மொத்தம் 57,000 ரூபாய். அலுவலக வாடகை, மென்பொருள், வேலையில்லாத நாள்கள், இலாபம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வைத்தால் 1,20,000 வரும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து பில் 1,41,600 ரூபாய்.

இந்தக் கணக்கைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளருக்குப் பயன்படும், ஏஜென்சிக்கும் பாதுகாப்பு. அரை வடிவமைப்பாளரை வாங்கியவர் இரண்டு வடிவமைப்பாளர்களின் வேலையைக் கேட்டால் எங்கே இடிக்கிறது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். கட்டணத்துக்குள் அடங்காதவற்றையும் அதே இடத்தில் எழுதிவிட வேண்டும். படப்பிடிப்பு, மாடலுக்கான தொகை, இசை, அச்சு, பத்திரிகை இடம் ஆகியவை வழக்கமாகத் தனி. அவற்றை ஏஜென்சி வாங்கித் தரும்போது அடக்க விலைக்கே தருகிறதா, மேலே ஒரு சதவீதம் வைக்கிறதா என்பதும் தெளிவாக வேண்டும். கட்டணத்தைப் பற்றி இதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த 1,20,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுக்கும்போது அது திரும்பி வரும்.

அடுத்தது ஒப்புதல். இந்திய விளம்பர வரலாற்றில் ஒப்புதலைப் பற்றிப் பேசினால் அமுலைச் சொல்லாமல் இருக்க முடியாது. புள்ளிப் பாவாடை போட்ட அமுல் சிறுமியை 1966-இல் சில்வெஸ்டர் டகுனாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கினார்கள். நாட்டு நடப்பை வைத்து எழுதப்படும் அந்த விளம்பரப் பலகைகளை வாடிக்கையாளரின் முன் ஒப்புதல் இல்லாமலேயே வெளியிட வர்கீஸ் குரியன் அனுமதி கொடுத்திருந்தார். காரணம் நேரம். செய்தி சூடு ஆறும் முன் பலகை ஏற வேண்டும். மும்பையில் வரைந்ததை குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பிக் குழு கூடிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் செய்தி பழசாகிவிடும். எந்தப் படியை நீக்குகிறோம், எதற்காக நீக்குகிறோம் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது.

கரூர் நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. விலையும் தள்ளுபடியும் நூல் எண்ணிக்கையும் அதன் விளம்பரத்தில் வருகின்றன. ஆகவே படிகள் வேண்டும். முதலில் பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்பதை எழுத்தில் கொடுப்பது. அடுத்து கருத்தைத் தேர்வு செய்வது. பிறகு வாசகமும் லேஅவுட்டும். கடைசியாக அச்சுக்குப் போகும் இறுதி ஆர்ட்வொர்க். ஒவ்வொரு படியிலும் முடிவு சொல்ல ஒரே ஒருவர். நிறுவனத்தில் தந்தை ஒன்று சொல்ல, மகன் வேறொன்று சொல்ல, விற்பனை மேலாளர் வாட்ஸ்அப்பில் மூன்றாவதைச் சொன்னால், இரண்டு முறை திருத்தம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் ஏழாவது திருத்தம் ஓடும். யார் சொன்னால் ஒப்புதல், எந்த மின்னஞ்சலில் வந்தால் ஒப்புதல் என்று பதவியைக் குறிப்பிட்டு எழுதுவதே இதற்கு மருந்து.

சில ஏஜென்சிகள், ‘மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கும். வாடிக்கையாளர் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதால் நொந்துபோன ஏஜென்சியின் வரி அது, நியாயமும் இருக்கிறது. சமூக ஊடகப் பதிவுக்கும் பண்டிகை வாழ்த்துக்கும் அதை ஏற்கலாம். விலை, தள்ளுபடி, பொருளின் தரம் பற்றிய கூற்று ஆகியவை வரும் விளம்பரத்துக்கு ஏற்கவே கூடாது.

ஏனென்றால் அங்கே சட்டம் வருகிறது. விரிப்பு ‘100 சதவீதம் பருத்தி’, ‘400 நூல் எண்ணிக்கை’ என்று விளம்பரம் சொன்னால் அதற்கு ஆய்வகச் சான்று இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும். 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் விளம்பர ஏஜென்சிக்கும் கடமைகளை வைத்திருக்கின்றன. ஆகவே ஒப்பந்தத்தில் பொறுப்பைப் பிரித்து எழுதுகிறார்கள். பொருளைப் பற்றிய தகவலுக்கும் அதன் சான்றுக்கும் நிறுவனம் பொறுப்பு. கையெழுத்தான ஆர்ட்வொர்க்கிலிருந்து ஒரு எழுத்து மாறி அச்சானாலும் ஏஜென்சி பொறுப்பு. 999 ரூபாய் விரிப்பு 99 ரூபாய் என்று பத்திரிகையில் வந்துவிட்டால், மறுவிளம்பரச் செலவு யாருடையது என்பதை அந்தக் கடைசிக் கையெழுத்துப் பிரதி காட்டிக்கொடுக்கும்.

இனி பூனைக்கு வருவோம். ‘நாம் காசு கொடுத்தோம், ஆகவே நம்முடையது’ என்பது பெரும்பாலான தொழிலதிபர்களின் நம்பிக்கை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதுதான் அதன் 17-ஆம் பிரிவின் அடிப்படை. அதற்குச் சில விலக்குகள் உண்டு. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம், ஓவியம் போன்றவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வேலையில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு அவருடைய முதலாளி முதல் உரிமையாளர்.

இதைக் கரூர் நிறுவனத்தின் மேசையில் வைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். பணம் கொடுத்து எடுத்த 30 விநாடி விளம்பரப் படம் நிறுவனத்துடையது. அந்தப் படத்துக்கு எழுதிய வசனமும் போட்ட ஜிங்கிளும் தானாக அதனுடையவை ஆகிவிடுவதில்லை. ஏனெனில் அந்த விலக்கு இலக்கியப் படைப்பையும் இசையையும் சொல்லவில்லை. லோகோவையும் பூனையையும் ஏஜென்சியின் சம்பள ஊழியர் கணினியில் வரைந்திருந்தால், முதல் உரிமையாளர் அவருடைய முதலாளி, அதாவது ஏஜென்சி. ‘அதுவும் ஓவியம்தானே’ என்று நிறுவனம் வாதாடலாம். ஆனால் பிராண்டின் முகத்தையே ஒரு வாதத்தின்மேல் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. வெளியிலிருந்து ஒரு தனி ஓவியரை ஏஜென்சி அழைத்து வரைய வைத்திருந்தாலோ, உரிமை ஏஜென்சியிடம்கூட இல்லாமல் அந்த ஓவியரிடமே இருக்கக்கூடும். தன்னிடம் இல்லாததை ஏஜென்சி எப்படி எழுதிக் கொடுக்கும்? ஆகவே ஓவியரிடமிருந்து ஏஜென்சிக்கு ஒரு காகிதம், ஏஜென்சியிடமிருந்து நிறுவனத்துக்கு ஒரு காகிதம் என்று சங்கிலி முழுதாக வேண்டும்.

சரி, ‘எல்லா உரிமைகளும் வாடிக்கையாளருக்கு மாற்றித் தரப்படுகின்றன’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. போதுமா? போதாது என்பதுதான் பலரையும் திடுக்கிட வைக்கும் செய்தி. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பதையும் சொல்லச் சொல்கிறது. காலத்தைச் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பைச் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். மாற்றிப் பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும்.

மூன்றும் கரூர் நிறுவனத்தைத் தொடுகின்றன. 2025-இல் போட்ட அந்த ஒரு வரி ஒப்பந்தத்தின்படி பூனை 2030-இல் ஏஜென்சிக்கே திரும்பிப் போகும். இந்தியாவுக்கு மட்டும் என்று கொண்டால், துபாய்க் கடையில் அடுக்கிய விரிப்பின் உறையிலும் சிங்கப்பூருக்கு அனுப்பிய பெட்டியிலும் பூனை இருப்பதற்கு அனுமதி இல்லை. ஏற்றுமதியையே பிழைப்பாகக் கொண்ட நிறுவனத்துக்கு இது சிறிய குறை அல்ல. குழந்தைகள் விரிப்புக்கென்று வரைந்து, பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைத்த பூனைக்குட்டியின் உரிமை ஓராண்டில் கைவிட்டுப் போகிறது. இத்தனையும் தவிர்க்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை மாற்றம் நிலைக்கும் என்று எழுத வேண்டும். அந்த வாக்கியத்தின் கீழ் லோகோ, பூனை, உறை வடிவமைப்பு, ஜிங்கிள் என்று படைப்புகளின் பட்டியலை அவ்வப்போது சேர்த்து, ஏஜென்சியின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வரைந்த படங்களுக்கு உரிமை வேறு, அந்த உருவத்தை இனிமேலும் வரையும் உரிமை வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் இதற்கு ஒரு வழக்கு உண்டு. ‘போபனும் மோளியும்’ கேலிச்சித்திரத்தை வரைந்த டாம்ஸ் என்ற வி.டி. தாமஸ், மலையாள மனோரமாவிலிருந்து விலகி வேறு இதழில் அதே பாத்திரங்களை வரையத் தொடங்கியபோது மனோரமா தடை கேட்டது. 1988-இல் கேரள உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேலையில் இருந்தபோது வரைந்த சித்திரங்கள் நிறுவனத்துக்கு உரியவையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாத்திரங்கள் தாமஸ் வேலைக்குச் சேரும் முன்பே அவர் உருவாக்கியவை, விலகிய பின் அவர் புதிதாக வரைவதைத் தடுக்க முடியாது என்பது அதன் பார்வை. ஏஜென்சியோ ஓவியரோ முன்பே வரைந்து வைத்திருந்த ஓர் உருவத்தை உங்கள் பிராண்டுக்குக் கொடுத்தால், பாத்திரம் என்ற அளவிலும் உரிமை மாற வேண்டும் என்று எழுதிக்கொள்வது இதற்காகத்தான்.

விளம்பர வாசகத்தின் கதை இன்னும் வேறு. பெப்சிக்கும் கோக்குக்கும் நடந்த வழக்கில், 2003-இல், விளம்பர வாசகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு முதல் தோற்றத்தில் இல்லை என்றே தில்லி உயர் நீதிமன்றம் கருதியது. ஆகவே நான்கைந்து சொற்களில் அமைந்த வாசகத்தை ஏஜென்சியிடம் எழுதி வாங்குவதோடு நின்றுவிடாமல், வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயல வேண்டும். படுக்கை விரிப்புக்கான வகை 24. விண்ணப்பம் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். வேலையைச் செய்து கொடுக்கும் ஏஜென்சியின் பெயரில் அல்ல.

உரிமை காகிதத்தில் வந்தாலும் கோப்பு கையில் வராமல் போகலாம். அச்சகத்துக்குப் போகும் பி.டி.எஃப். இருந்தால் அதை அப்படியே அச்சிடலாம், திருத்த முடியாது. திருத்துவதற்கு ஓப்பன் ஃபைல் வேண்டும். அதைக் கொடுப்பது வேறு வேலை, தனிக் கட்டணம் என்று சொல்லும் ஏஜென்சிகள் இருக்கின்றன. சொல்வதில் தவறில்லை, அது முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால். காலாண்டுக்கு ஒருமுறை எல்லா ஓப்பன் ஃபைல்களையும் நிறுவனத்தின் சேமிப்பகத்தில் போட வேண்டும் என்று எழுதிவிட்டால் விலகும் நேரத்தில் அவற்றைப் பணயம் வைக்க முடியாது. எழுத்துருவும் விலைக்கு வாங்கிய புகைப்படமும் மட்டும் இதில் சேராது; அவற்றின் உரிமம் வாங்கியவர் பெயரில் இருக்கும், நிறுவனம் தானே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது நோட்டீஸ். வழக்கமாக 30, 60 அல்லது 90 நாள். கரூர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், ‘60 நாள் முன்னறிவிப்பு; அந்த 60 நாள் முடியும் மாதத்தின் கடைசி நாளில் ஒப்பந்தம் முடியும்’ என்று இருக்கிறது. மார்ச் 1 அன்று கடிதம் கொடுத்திருந்தால் ஏப்ரல் 30-உடன் கணக்கு முடிந்திருக்கும். உள்ளுக்குள் பேசி முடிவெடுத்து மார்ச் 10 அன்று கொடுத்தார்கள். 60-ஆம் நாள் மே 9. எனவே மே 31 வரை கட்டணம் ஓடுகிறது. ஒன்பது நாள் தாமதத்தின் விலை 1,20,000 ரூபாய், வரி தனி. அதோடு கடிதம் வாட்ஸ்அப்பில் போயிருந்தால், பதிவுத் தபாலிலோ குறிப்பிட்ட மின்னஞ்சலிலோ வர வேண்டும் என்ற வரி அதைச் செல்லாததாக்கி நாளை இன்னும் தள்ளியிருக்கும்.

நோட்டீஸ் காலத்தை இரு தரப்பும் வீணாக்குவதுதான் நடைமுறையில் அதிகம். ஏஜென்சி தன் நல்ல ஆட்களை வேறு கணக்குக்கு மாற்றிவிடும்; நிறுவனமோ பில்லை நிறுத்தி வைக்கும். பணம் வராததால் ஏஜென்சி கோப்பைத் தராது. கோப்பு வராததால் நிறுவனம் பணம் தராது. இந்த முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்து வைக்கலாம். தகராறில்லாத பில்கள் தீர்ந்தவுடன் உரிமையும் கோப்புகளும் மாறிவிட வேண்டும். தகராறான தொகை தனியாகப் பேசப்பட வேண்டும். நோட்டீஸ் காலத்தின் முதல் வேலை ஒப்படைப்பு என்று எழுத வேண்டும். உழைப்புக்கான பணம் ஏஜென்சிக்கு உறுதியாகிறது, பிராண்டின் முகம் நிறுவனத்துக்கு உறுதியாகிறது. இருவருக்கும் இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது.

ஒப்படைப்பில் இன்று மிகவும் வலிப்பது கோப்புகள் அல்ல, கணக்குகள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கை ஏஜென்சி தன் வணிகக் கணக்கின் கீழ் தொடங்கியிருந்தால் அதைப் பெயர்த்தெடுத்து நிறுவனத்தின் கணக்கில் வைக்கப் பொதுவாக வழியில்லை. அணுகுவதற்கான அனுமதியைத்தான் பகிரலாம். இரண்டு ஆண்டாக யார் விரிப்பைப் பார்த்தார்கள், யார் வாங்கினார்கள் என்று சேர்ந்த தகவல் முழுவதும் அங்கேயே தங்கிவிடும். புது ஏஜென்சி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிறுவனமே தன் பெயரில் கணக்கைத் திறந்து ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுத்திருந்தால், விலகும் நாளில் அந்த அனுமதியை நீக்கினால் போதும். கூகுள் விளம்பரத்திலும் நிறுவனத்தின் கணக்கை ஏஜென்சி தன் மேலாளர் கணக்கோடு இணைத்துக்கொள்ள முடியும். இணைப்பைத் துண்டித்தாலும் கணக்கும் அதன் வரலாறும் நிறுவனத்திடமே இருக்கும். இணையதளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று மறக்கப்படுகிறது. விளம்பரப் படத்தில் நடித்த மாடலிடம் ஏஜென்சி ஓராண்டுக்கு, இந்தியாவுக்கு, தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் என்று அளவிட்டே அனுமதி வாங்கியிருக்கும். படம் நிறுவனத்துடையதாக இருந்தாலும் அந்த முகத்தைக் காட்டும் அனுமதிக்கு ஒரு கடைசி நாள் உண்டு. பழைய ஏஜென்சி அந்தத் தேதியை நினைவில் வைத்திருந்தது; புதிய ஏஜென்சிக்கு அது தெரியாது. அதனால் ஒப்படைப்புப் பட்டியலில் மாடல், குரல் கொடுத்தவர், இசையமைத்தவர் ஒவ்வொருவரின் அனுமதிக் கடிதத்தின் நகலும், அது முடியும் தேதியும், எந்தெந்த ஊடகத்துக்கு என்ற விவரமும் வர வேண்டும். கரூர் நிறுவனத்தின் எடுத்துக்காட்டில் மாடலின் அனுமதி ஜூன் 15-இல் முடிகிறது. ஒப்பந்தம் முடிவது மே 31. கடைகளின் திரைகளிலிருந்தும் யூடியூபிலிருந்தும் படத்தை எடுக்கவோ, அனுமதியை நீட்டிக்கவோ இடையில் இருப்பது இரண்டு வாரம்.